பாத்தியில் முதலில் படிவது ஏன் உப்பு இல்லை?

வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளிப் பக்கத்து உப்பளங்களில் உப்புநீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்ற விடுகிறார்கள். கடைசிப் பாத்திக்கு வந்த பிறகுதான் உப்பு விளைகிறது. ஆனால் அதற்கு முன்னாலேயே, நடுப் பாத்திகளின் தரையில் வெள்ளையாக, கடினமாக ஒரு பொருக்கு படிந்துவிடும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காது. அதுதான் ஜிப்சம். கால்சியம் சல்பேட் தன்னோடு கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய படிகம் அது.

யோசித்தால் இது விசித்திரம். ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் சுமார் 10.8 கிராம் இருக்கிறது, கால்சியம் 0.4 கிராம்தான். அதிகம் இருப்பது முதலில் வெளியேறாமல், சொற்பமாக இருப்பது ஏன் முதலில் வெளியேறுகிறது? கால்சியம் சல்பேட் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பது விடை. அது ஏன் கரையாது என்பது அடுத்த கேள்வி. இதற்கு மேல்நிலை வகுப்பில் எல்லோரும் ஒரு விதியை மனப்பாடம் செய்திருப்போம்: நீரேற்ற ஆற்றல் படிகக்கூடு ஆற்றலைவிட அதிகமானால் சேர்மம் கரையும், குறைந்தால் கரையாது.

இந்த விதியை அப்படியே நம்பி வேதாரண்யத்துப் பாத்திக்குப் போனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வோம். சாப்பாட்டு உப்பு கரையக்கூடாது என்று விதி சொல்லும். அது தாராளமாகக் கரைகிறது. ஜிப்சத்தின் நீரில்லாத வடிவம் கரைய வேண்டும் என்று சொல்லும், அது அடம்பிடிக்கிறது. விதி முழுக்கப் பொய்யில்லை, பாதிக் கணக்கு. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

## படிகத்தைப் பிரிக்க ஆகும் செலவு

உப்புக் கல்லுக்குள் சோடியம் குளோரைடு என்று தனித்தனி மூலக்கூறுகள் கிடையாது. நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனியும் எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனியும் முப்பரிமாணத்தில் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடுகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். இந்த அடுக்கைத்தான் படிகக்கூடு என்கிறோம்.

இந்தக் கூட்டை முழுவதுமாகக் கலைத்து, எல்லா அயனிகளையும் ஒன்றையொன்று பாதிக்காத தூரத்துக்கு, வாயு நிலையில், பிரித்துவைக்க ஆகும் ஆற்றலே படிகக்கூடு ஆற்றல். ஒரு மோல் உப்புக்கு, அதாவது 58.5 கிராமுக்கு, இது சுமார் 787 கிலோஜூல். இரண்டு கைப்பிடி தேறாத உப்பு அது. அதே ஆற்றலைக் கொண்டு இரண்டரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். உப்பை உருக்கவே 801 டிகிரி வெப்பம் வேண்டியிருப்பதன் காரணமும் இந்தப் பிடிப்புதான்.

பிடிப்பின் பலத்தை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, இரு அயனிகளின் மின்சுமைகளைப் பெருக்கினால் வரும் எண். மற்றொன்று, அவற்றின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரம். சுமை கூடினால் பிடிப்பு கூடும், தூரம் கூடினால் தளரும். தூரம் என்பது இரண்டு அயனிகளின் ஆரங்களையும் கூட்டினால் வருவது. இந்தக் 'கூட்டல்' பின்னால் நமக்குத் தேவைப்படும்.

## தண்ணீர் திருப்பித் தருவது

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசாக எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின்சுமையும் இருக்கும். சோடியம் அயனி தண்ணீருக்குள் வந்ததும் ஐந்தாறு மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் முகத்தைக் காட்டிக்கொண்டு அதைச் சூழ்ந்துகொள்ளும். குளோரைடு வந்தால் முகம் திரும்பும், ஹைட்ரஜன் பக்கம் உள்ளே பார்க்கும். இப்படிச் சூழ்வதால் வெளிப்படும் ஆற்றலே நீரேற்ற ஆற்றல்.

சோடியம் அயனிக்கு ஒரு மோலுக்குச் சுமார் 406 கிலோஜூல். குளோரைடுக்குச் சுமார் 378. இரண்டையும் கூட்டினால் 784. இப்போது செலவையும் வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்:

1. படிகத்தைப் பிரிக்கச் செலவு: 787
2. தண்ணீர் சூழ்ந்ததால் வரவு: 784
3. பற்றாக்குறை: 3

மூன்று கிலோஜூல் நஷ்டம். விதிப்படி உப்பு கரையக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பாடநூலுக்குப் பாடநூல் இந்த எண்கள் மாறும். ஒன்றில் சோடியத்துக்கு 406 இருக்கும், இன்னொன்றில் 409. குளோரைடுக்கு 363 என்று போட்ட அட்டவணையும் உண்டு. சோடியத்தை மட்டும் தனியாகத் தண்ணீரில் போட்டு அளக்க வழியில்லை. எப்போதும் ஒரு ஜோடியாகத்தான் அளக்க முடியும். அந்த மொத்தத்தை இரண்டாகப் பங்கு பிரிப்பதில் ஆளுக்கொரு முறை இருக்கிறது. ஓர் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணையும் இன்னொன்றிலிருந்து மற்றதையும் எடுத்துக் கழித்தால் 15, 20 கிலோஜூல் பிசகிவிடும். உண்மையான வித்தியாசமே மூன்று, நான்குதான் என்னும்போது அப்படிக் கழித்து வந்த விடைக்கு மதிப்பே இல்லை. சுமை லாரியை ஆளோடும் ஆளில்லாமலும் எடைமேடையில் ஏற்றி ஓட்டுநரின் எடையைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை அது.

அதனால் இந்த மிச்சத்தைக் கழித்துக் கண்டுபிடிப்பதில்லை, நேராக அளக்கிறார்கள். வெப்பம் வெளியே போகாத பாத்திரத்தில் உப்பைக் கரைத்து, தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பார்கள். சாப்பாட்டு உப்புக்கு அளந்து வந்த விடை: ஒரு மோலுக்குச் சுமார் 3.9 கிலோஜூல் வெப்பம் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக, நஷ்டம் என்பது அட்டவணைப் பிழை இல்லை. உப்பு கரையும்போது தண்ணீர் உண்மையிலேயே துளி குளிர்கிறது.

## நஷ்டத்திலும் கரைவது எப்படி

வெப்பக் கணக்கில் நஷ்டம் வந்தாலும் ஒரு மாற்றம் தானாக நடக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்குத் துகள்கள் சிதறிப் பரவியிருக்க வேண்டும். படிகத்துக்குள் ஒவ்வோர் அயனிக்கும் ஒரே ஓர் இடம்தான். கரைசலில் அது எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படித் துகள்கள் இருக்கக்கூடிய விதங்களின் பெருக்கத்தை அளக்கும் அளவைத்தான் என்ட்ரோபி என்கிறார்கள். அதை வெப்பநிலையால் பெருக்கினால் கிலோஜூல் கணக்கில் ஓர் எண் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் அதைச் 'சிதறல் வரவு' என்று வைத்துக்கொள்வோம்.

வெப்ப நஷ்டத்திலிருந்து சிதறல் வரவைக் கழித்தால் வருவது கிப்ஸ் கட்டிலா ஆற்றலின் மாற்றம். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் மாற்றம் தானாக நடக்கும். 25 டிகிரியில் உப்புக்குச் சிதறல் வரவு 13 கிலோஜூலை ஒட்டி வரும். நஷ்டம் 4. நிகரம் 9 கிலோஜூல் லாபம். 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்பு கரைவது இந்த 9 கிலோஜூலின் தயவில்தான். 787-க்கும் 784-க்கும் நடந்த பெரிய சண்டை கிட்டத்தட்ட சமனாகவே முடிந்துவிட்டது.

இதைக் கண்ணால், சரியாகச் சொன்னால் கையால், உணர டெல்டா விவசாயிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. தாளடியோ சம்பாவோ அறுவடையான வயலில் உளுந்து விதைத்து, பூக்கும் நேரத்தில் இலைவழியாகத் தெளிக்க உரம் கரைப்பவர்கள், பொட்டாஷை வாளியில் கொட்டிக் கலக்கும்போது வாளி சில்லென்று ஆவதைக் கவனித்திருப்பார்கள். பொட்டாஷ் என்று கடையில் விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பின் பங்காளி. அதற்குக் கணக்குப் போடுவோம்.

1. பொட்டாசியம் குளோரைடு ஒரு மோல் கரைய உள்ளிழுக்கும் வெப்பம் சுமார் 17.2 கிலோஜூல். ஒரு மோல் என்பது 74.5 கிராம்.
2. ஒரு கிலோவில் சுமார் 13.4 மோல் இருக்கும். மொத்தம் உள்ளிழுப்பது 230 கிலோஜூல்.
3. பத்து லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 42 கிலோஜூலை எடுத்தால் போதும்.
4. ஆக, பத்து லிட்டர் வாளியில் ஒரு கிலோ பொட்டாஷைக் கரைத்தால் தண்ணீர் 5 டிகிரிக்குக் கொஞ்சம் மேலாகவே குளிரும்.

கை நிச்சயம் உணரும். தெளிக்கும் பதத்துக்கு, ஒரு சதவீதமாக, நேரடியாகக் கலந்தால் அரை டிகிரிதான் குறையும், தெரியாது. முதலில் கெட்டியாகக் கரைத்துப் பிறகு நீர் சேர்ப்பவர்களுக்குத்தான் இந்த அனுபவம்.

பொட்டாஷின் வெப்ப நஷ்டம் 17. அதன் சிதறல் வரவு 22. நிகர லாபம் 5. வெப்பத்தில் இவ்வளவு நஷ்டப்பட்டும் அது கரைகிறது என்றால், சிதறல் வரவு உப்பைவிட அதற்கு அதிகம் என்பதால்தான். ஏன் அதிகம்? பொட்டாசியம் அயனி சோடியத்தைவிடப் பெரியது. அதே ஒரு மின்சுமை பெரிய உருண்டையில் பரவியிருப்பதால் அது தண்ணீரைத் தளர்வாகத்தான் பிடிக்கிறது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் சுதந்திரமாகத் திரிகின்றன. சோடியம் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், அதனால் அதன் சிதறல் வரவு குறைவு. அயனிகள் சிதறும்போது வரவு கிடைக்கிறது, அவை தண்ணீரைக் கட்டிப்போடும்போது வரவு குறைகிறது. ஜிப்சத்தின் விடுகதை இந்த இடத்தில்தான் அவிழ்கிறது.

## ஜிப்சத்தில் கணக்கு தலைகீழாகும் இடம்

கால்சியம் அயனிக்கு மின்சுமை இரண்டு. சல்பேட்டுக்கும் இரண்டு. பெருக்கினால் நான்கு. ஆனால் சல்பேட் பருத்த அயனி, இடைவெளி கூடுகிறது; அதனால் படிகக்கூடு ஆற்றல் நான்கு மடங்காகாமல், உப்பைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேலே நிற்கிறது. இதைப் பார்த்தவுடன் "பிடிப்பு இவ்வளவு பலமென்றால் கரையாதுதான்" என்று முடித்துவிடத் தோன்றும். பல வழிகாட்டிப் புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. அது அவசர முடிவு.

பிடிப்பு பலமானதைப் போலவே நீரேற்றமும் பலமாகிறது. கால்சியம் அயனி ஒன்று மட்டுமே சுமார் 1,577 கிலோஜூல் தருகிறது. அது சோடியத்தைப் போல நான்கு மடங்கு. நீரில்லாக் கால்சியம் சல்பேட்டைக் கரைத்து வெப்பத்தை அளந்தால் ஒரு மோலுக்குச் சுமார் 18 கிலோஜூல் வெளிவருகிறது. வெப்பக் கணக்கில் அது லாபம். விதிப்படி உப்பைவிட நன்றாகக் கரைந்திருக்க வேண்டும்.

கரையவிடாமல் தடுப்பது தண்ணீரின் கட்டுப்பாடு. இரட்டைச் சுமை கொண்ட அயனி தன்னைச் சுற்றியுள்ள முதல் வளைய நீர் மூலக்கூறுகளை இறுக்கி நிறுத்திவைக்கும். அதற்கு அடுத்த வளையத்தையும் திசை திருப்பி வைக்கும். முன்பு இஷ்டத்துக்குச் சுழன்றுகொண்டிருந்த மூலக்கூறுகள் இப்போது வரிசையில் நிற்கின்றன. அயனிகள் சிதறியதால் வந்த வரவைவிடத் தண்ணீர் ஒழுங்கானதால் வந்த இழப்பு பெரிதாகிவிடுகிறது. சிதறல் வரவு என்று நாம் பெயரிட்டது இங்கே சிதறல் செலவாகிறது: நீரில்லாக் கால்சியம் சல்பேட்டுக்கு 25 டிகிரியில் சுமார் 42 கிலோஜூல். வெப்பம் தந்த 18 அதற்குப் போதாது. நிகரத்தில் 24 நஷ்டம்.

பாத்தியில் படிவது நீர் சேர்ந்த ஜிப்சம். அதன் படிகத்துக்குள் ஒவ்வொரு கால்சியத்துக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஏற்கெனவே அமர்ந்திருக்கின்றன. அவை கரையும்போது விடுதலையாவதால் சிதறல் செலவு 26 ஆகக் குறைகிறது. ஆனால் நீரேற்றத்தின் ஒரு பகுதி படிகத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டதால் வெப்ப லாபமும் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. நிகர நஷ்டம் 25. இரண்டு வடிவத்துக்கும் அறை வெப்பத்தில் கரைதிறன் ஏறக்குறைய ஒரே ரகமாக இருப்பது இதனால்தான்.

நஷ்டம் என்றால் துளியும் கரையாது என்று பொருளல்ல. இங்கே சொன்ன நிகர எண்கள் எல்லாம் ஒரு லிட்டரில் ஒரு மோல் என்ற பொது அளவுகோலுக்கு எழுதப்பட்டவை. கரைசல் நீர்த்திருக்கும்போது ஒவ்வோர் அயனிக்கும் திரிய அதிக இடம் இருக்கிறது, சிதறல் வரவும் கூடுகிறது. அதனால் ஜிப்சமும் ஓரளவுக்குக் கரையும், இடம் நெருக்கடியானதும் நின்றுவிடும். அந்த எல்லை, லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம். சாப்பாட்டு உப்போடு எடையில் ஒப்பிட்டால் நூற்றைம்பது மடங்கு குறைவு.

## பாத்திகளின் வரிசை

இப்போது உப்பளத்துக்குத் திரும்பலாம். அங்கே நீரின் செறிவை மிதவைக் கருவி ஒன்றால் அளந்து 'டிகிரி' என்று சொல்வார்கள். இது வெப்ப டிகிரி அல்ல, போமே என்ற அடர்த்தி அளவு. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது.

1. நீர் வற்றி நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு ஆகும் கட்டத்தில் ஜிப்சம் படியத் தொடங்குகிறது.
2. 25 டிகிரிக்கு, அதாவது பத்தில் ஒரு பங்குக்கு, வந்ததும் சோடியம் குளோரைடு விளைகிறது.
3. 29, 30 டிகிரி நெருங்கும்போது மிச்ச நீரை வடித்துவிடுகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் மக்னீசியம் உப்புகள். கடும் கசப்பு.

ஜிப்சம் ஏன் அவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று கேட்கலாம். தூய நீரின் எல்லையை வைத்து, கடல்நீரில் உள்ள கால்சியத்தையும் சல்பேட்டையும் கணக்கிட்டால் அது கடலிலேயே படிந்திருக்க வேண்டும்! ஆனால் கடல்நீரில் சோடியமும் குளோரைடும் கூட்டமாக இருக்கின்றன. கால்சியத்தைச் சுற்றிக் குளோரைடும், சல்பேட்டைச் சுற்றிச் சோடியமும் சூழ்ந்து, அவை ஒன்றையொன்று உணர்வதை மங்கச் செய்கின்றன. மக்னீசியம் வேறு சல்பேட்டின் ஒரு பகுதியைத் தன்னோடு ஜோடி சேர்த்துக்கொள்கிறது. அதனால் உப்புநீரில் ஜிப்சம் தூய நீரைவிட அதிகமாகவே தாங்கும். தூய நீருக்கு எழுதிய கணக்கைக் கலப்பு நீருக்கு அப்படியே தூக்கிப் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, மக்னீசியம் குளோரைடு ஏன் கடைசிவரை படியாமல் நீரிலேயே நிற்கிறது? மக்னீசியத்துக்கும் சுமை இரண்டுதானே, அதுவும் தண்ணீரைக் கட்டிப்போடுமே? போடுகிறது. அதன் சிதறல் செலவு 34 கிலோஜூல், ஜிப்சத்தைவிட மோசம். ஆனால் வெப்பக் கணக்கு இங்கே வேறு. நீரில்லா மக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் சுமார் 2,526. நீரேற்றத்தில் வருவது மக்னீசியத்துக்கு 1,921, இரண்டு குளோரைடுக்கு 756, மொத்தம் 2,677. அளந்து பார்த்தால் 160 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. (அட்டவணையில் கழித்தால் 151 வருகிறது, மேலே சொன்ன எச்சரிக்கை நினைவிருக்கட்டும்.) 160 வரவில் 34 செலவு போனாலும் 126 மிஞ்சுகிறது. பாடநூல் விதி கச்சிதமாகப் பொருந்தும் இடம் இது. உப்பளத்தில் உருவாவது இந்த நீரில்லா வடிவம் அல்ல, ஆறு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். அதில் வெளிவரும் வெப்பம் வெகுவாகக் குறையும். ஆனால் தண்ணீர் மீதான அந்தப் பசி அதிலும் தீர்வதில்லை.

ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதற்கு இந்தப் பசிதான் பெரும்பாலும் காரணம். மிச்ச நீரைச் சரியாக வடிக்காத உப்பில் ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடு, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து அதில் தானும் கரைந்துவிடுகிறது.

## எந்த ஜோடி கரையும் என்று ஊகிக்க முடியுமா

முன்பு தள்ளிவைத்த 'கூட்டல்' இப்போது வேண்டும். படிகக்கூடு ஆற்றல் இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையைப் பொறுத்தது. நீரேற்ற ஆற்றலோ ஒவ்வோர் அயனிக்கும் தனித்தனியாக, அதனதன் ஆரத்தைப் பொறுத்தது.

ஒரு சிறிய அயனியையும் ஒரு பெரிய அயனியையும் ஜோடி சேர்த்தால் என்ன ஆகும்? பெரிய அயனியின் பருமன் காரணமாக மையங்கள் விலகி நிற்கும், படிகத்தின் பிடிப்பு தளரும். ஆனால் தண்ணீருக்குள் போனதும் சிறிய அயனி தன் முழு நீரேற்ற ஆற்றலையும் தரும். பெரிய துணையால் அதற்கு ஒரு குறையும் வராது. பொருந்தாத ஜோடி கரையும், பொருத்தமான ஜோடி படிகத்திலேயே இருந்துவிடும் என்று தோராயமாகச் சொல்லலாம்.

சல்பேட் வரிசையில் இது துலக்கமாகத் தெரியும். குட்டி மக்னீசியமும் பருத்த சல்பேட்டும் சேர்ந்த மக்னீசியம் சல்பேட், 100 கிராம் தண்ணீரில் 30 கிராமுக்கு மேல் கரையும். நடுத்தரக் கால்சியத்தோடு சேர்ந்தால் 0.24 கிராம். பெரிய பேரியத்தோடு சேர்ந்தால் லிட்டருக்கே சில மில்லிகிராம்தான். பேரியம் நச்சு உலோகம். இருந்தும் குடல் எக்ஸ்-ரே எடுக்கும் முன் பேரியம் சல்பேட்டைக் கலக்கிக் குடிக்கக் கொடுக்கும் துணிச்சல் மருத்துவர்களுக்கு வருவது அதன் கரையாமையால்தான்.

இந்த ஊகத்துக்கு எல்லை உண்டு. இது ஒரே மாதிரிச் சுமையுள்ள வரிசைக்குள்தான் நம்பத்தக்கது. வெள்ளி குளோரைடு போன்றவற்றில் பிணைப்பு முழுக்க அயனிப் பிணைப்பாக இல்லாததால், ஆரத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அங்கே எடுபடாது.

## களரும் உவரும்: வயலில் இந்தக் கணக்கு

டெல்டாவின் கடைமடையில், நாகப்பட்டினம், வேதாரண்யம், தலைஞாயிறு பக்கங்களில், உவர், களர் என்று இரண்டு சொற்கள் சேர்ந்தே புழங்கும். வேதியியலில் இரண்டும் வேறு நோய்கள்.

உவர் நிலத்தில் கரைந்த உப்பு மண்ணின் ஈரத்தில் மிகுந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடலோர வயல்களில் கடல்நீரைக் கொண்டுவந்து விட்டபோது வந்தது பெரும்பாலும் இந்த நோய். அங்கே குவிந்தது முக்கியமாகச் சோடியம் குளோரைடு. அது தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், கரைதிறன் ஒரு தடையே இல்லை. கரைந்த நீர் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்து வந்த பருவமழை நன்றாகக் கொட்டியதும், வடிகால் உள்ள வயல்களில் உப்பு வேகமாக இறங்கியது. நீர் தேங்கி நிற்கும் தாழ்வான நிலங்களில்தான் சிக்கல்.

களர் நிலத்தில் சோடியம் கரைசலில் இல்லை. களிமண் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீர் அதைக் கழற்றாது. வயலில் கட்டிய நீர் நாள்கணக்கில் தெளியாமல் கலங்கியே நிற்பது, காய்ந்தால் மேல்மண் ஓடு போல இறுகுவது, கார அமிலநிலை 8.5-ஐத் தாண்டுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சோடியத்தை இறக்க அதைவிட வலுவாகக் களிமண்ணைப் பிடிக்கும் கால்சியம் வேண்டும். அதற்காகத்தான் ஜிப்சம் போடுகிறார்கள்.

இங்கேதான் லிட்டருக்கு 2.4 கிராம் என்ற எல்லை வயலுக்கு வருகிறது.

1. ஓர் ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டினால் நான்கு லட்சம் லிட்டர்.
2. லிட்டருக்கு 2.4 கிராம் வீதம் அந்த நீர் தாங்கக்கூடிய ஜிப்சம் சுமார் 970 கிலோ.
3. ஆக, ஏக்கருக்கு ஒரு டன் ஜிப்சம் கரையவே 10 சென்டிமீட்டர் நீர் முழுதாகத் தெவிட்ட வேண்டும்.

நடைமுறையில் கணக்கு இரண்டு பக்கமும் நகரும். கரைந்த கால்சியத்தைக் களிமண் உடனே எடுத்துக்கொள்வதால் நீரில் இடம் காலியாகி, இன்னும் ஜிப்சம் கரையும், அது சாதகம். பெரிய கட்டியாக இருந்தால் மேற்பரப்பு குறைவு, தெவிட்டும் நிலையை எட்டவே நாளாகும், அது பாதகம். அதனால்தான் தூளாக்கி மேல்மண்ணில் கலக்கச் சொல்கிறார்கள். இன்று தூவி, நீர் கட்டி, மறுநாளே வடித்தால் பாதி ஜிப்சம் வேலையே தொடங்கியிருக்காது. வரப்போரத்தில் வெள்ளைத் துகள்களாகக் கண்ணில் படும். சில நாள் நிறுத்திவைத்து, பிறகு வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டாலும் பயனில்லை. களிமண்ணிலிருந்து இறங்கிய சோடியம் இப்போது சல்பேட்டோடு நீரில் இருக்கிறது. சோடியம் சல்பேட் நன்றாகக் கரையும் உப்பு. அந்த நீர் வயலிலேயே வற்றினால் சோடியமும் அங்கேயே தங்கிவிடும்.

வேலை முடிந்ததா என்பதை அந்தத் தேங்கிய நீரே காட்டும். கலங்கலாக நின்ற நீர் தெளிந்து அடிமண் கண்ணுக்குத் தெரிந்தால், சோடியம் விட்ட இடத்தில் கால்சியம் உட்கார்ந்து களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.